தேடல் துணுக்கில் தேதி தவறாக வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

2025 ஜூன் மாதம். கோலாலம்பூர் செந்தூலில், நான்கே பேர் வேலை பார்க்கும் ஒரு சலவைக் கடையின் ஊழியர், தமக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கைப்பேசியில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் துணுக்கில் "18 அக்டோபர் 2024" என்ற தேதியும் 1,700 ரிங்கிட் என்ற தொகையும் தெரிகின்றன. இரண்டாவதில் "3 நாட்களுக்கு முன்" என்றும் 1,500 ரிங்கிட் என்றும் இருக்கிறது. புதிய தேதியைத்தான் மனம் நம்பும். அவர் இரண்டாவதைத் திறக்கிறார்.

அந்தப் பக்கம் 2022இல் எழுதப்பட்ட வழிகாட்டி. மூன்று நாட்களுக்கு முன் அதில் மாறியது மேலே இருந்த படம் மட்டும். ஆனால் அதிலுள்ள 1,500 ரிங்கிட் அந்த ஊழியருக்கு அப்போது சரியான தொகைதான். ஐந்து பேருக்கும் அதிகமானோர் அல்லது ஐந்து பேர் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட் நடப்புக்கு வந்தது. அதற்குக் குறைவானோர் உள்ள இடங்களுக்கு ஆகஸ்ட் 1 வரை அவகாசம் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் உணவகத்தின் ஊழியர் அதே துணுக்கைப் பார்த்திருந்தால், மாதம் 200 ரிங்கிட் குறைவாக வாங்கிக்கொண்டு அதுவே சட்டம் என்று நினைத்திருப்பார். ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குத் தவறாகவும் அமைந்தது தற்செயல். "3 நாட்களுக்கு முன்" என்ற வரி மட்டும் இருவருக்குமே பொய்.

துணுக்கில் கூகுள் ஒரு தேதியைத்தான் காட்டும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் தேதி, இயந்திரம் படிப்பதற்காக நிரலில் எழுதும் கட்டமைப்புத் தரவிலுள்ள `datePublished`, `dateModified` எனப் பல தடயங்களைச் சேர்த்துப் பார்த்து, பக்கம் வெளியான நாளையோ கணிசமாகப் புதுப்பிக்கப்பட்ட நாளையோ மதிப்பிடுகிறது. நாம் சொன்னதை அப்படியே காட்டும் என்ற உறுதி இல்லை. ஆனால் நாம் கொடுக்கும் தடயங்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருந்தால் பெரும்பாலும் சரியான தேதி வந்துவிடும். கீழே உள்ளவை தமிழ்ச் செய்தித்தளங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறுகள்.

அறிகுறி: பழைய பக்கம் புதிய தேதியோடு வருகிறது

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் துணையாசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, பழைய செய்தியில் ஓர் எழுத்துப்பிழையைத்தான் திருத்தினேன். தலைப்புக்குக் கீழே இன்றைய தேதி வந்துவிட்டதே, ஏன்?"

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் கடைசியாகச் சேமித்த நேரத்தைக் குறித்துவைக்கிறது. ஒரு முற்றுப்புள்ளி வைத்துச் சேமித்தாலும், வகையை மட்டும் மாற்றிச் சேமித்தாலும் அந்த நேரம் மாறும். பல வார்ப்புருக்களும் தேடல் நீட்சிகளும் அதையே எடுத்து "புதுப்பித்தது" என்று காட்டுகின்றன, `dateModified` ஆகவும் எழுதிவிடுகின்றன. நூறு பதிவுகளுக்கு ஒரே மூச்சில் வகை மாற்றினால் நூறும் இன்று எழுதியவைபோல் ஆகிவிடும்.

இதுதானா காரணம் என்று அறிய, பக்கத்தின் மூல நிரலைத் திறந்து `dateModified` என்று தேடுங்கள். அங்கே வரும் நேரம், பதிவைக் கடைசியாகச் சேமித்த நேரத்தோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போனால் இயந்திரம்தான் தேதியை முடிவுசெய்கிறது; ஆசிரியர் முடிவுசெய்யவில்லை.

சரிசெய்யும் வழி, சேமித்த நேரத்தையும் உள்ளடக்கம் மாறிய நேரத்தையும் பிரிப்பது. பதிவுக்கு `content_updated` என்ற தனிப்புலம் ஒன்றை உருவாக்கி, ஆசிரியர் மட்டுமே அதை `2025-08-01T09:00:00+08:00` என்ற வடிவில் நிரப்பும்படி வையுங்கள். வார்ப்புருவில் இப்படி எடுக்கலாம்:

```php
$pub = get_the_date( 'c' );
$rev = get_post_meta( get_the_ID(), 'content_updated', true );
$mod = $rev ? $rev : $pub;
```

கண்ணுக்குத் தெரியும் வரியும் கட்டமைப்புத் தரவும் இந்த `$mod` என்ற ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். தேடல் நீட்சி தன் பங்குக்கு இன்னொரு `dateModified` எழுதினால் இரண்டும் மோதும்; நீட்சியின் வெளியீட்டையும் இதே மதிப்புக்கு மாற்றுங்கள். தளவரைபடத்தில் உள்ள `lastmod` மதிப்பையும் கவனியுங்கள். அது தொடர்ந்து உண்மையாக இருக்கும் தளங்களில்தான் கூகுள் அதைப் பயன்படுத்துகிறது. எல்லாப் பக்கத்துக்கும் நேற்றைய தேதியைப் போடும் தளவரைபடத்தால் பயன் இல்லை.

நிரல் வேலை அவ்வளவுதான். அந்தப் புலத்தை எப்போது நிரப்பலாம் என்பதுதான் கடினமான பகுதி. செய்திக்கும் வழிகாட்டிக்கும் விடை வேறு.

செய்தி என்பது அந்த நாளில் தெரிந்ததன் பதிவு. 2024 அக்டோபர் 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2025ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தபோது, சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயரும் என்று அறிவித்தார். அன்று மாலை வந்த செய்திக்கு அந்த நாளே என்றைக்கும் உரிய தேதி. அன்றிரவே ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கு உரிய அவகாசத்தைப் பற்றிய பத்தியைச் சேர்த்தால், புதுப்பித்த நேரம் போடுவது நியாயம். வாசகருக்குப் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் சட்டம் நடப்புக்கு வந்ததை அதே செய்தியின் தலையில் ஒட்டி, தேதியைப் பிப்ரவரிக்கு நகர்த்துவது நியாயமல்ல. அது புதிய நிகழ்வு, அதற்குப் புதிய செய்தி எழுத வேண்டும். பழையதிலிருந்து ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும். பழைய செய்தியைச் சற்றே மாற்றி வேறு முகவரியில் போட்டுவிட்டு, பழையதை அழித்துத் திருப்பிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. செய்தியைச் செயற்கையாகப் புதிதாக்குவதைக் கூகுளின் செய்தி வழிகாட்டல்களே தவிர்க்கச் சொல்கின்றன.

செய்தியில் தவறு நேர்ந்துவிட்டால்? தொகையைத் தவறாகப் போட்டுப் பிறகு திருத்தினால், வெளியிட்ட தேதி அப்படியே நிற்க வேண்டும். என்ன தவறு, எப்போது திருத்தப்பட்டது என்று ஒரு வரி கட்டுரையிலேயே வர வேண்டும். பொருள் மாறியிருப்பதால் அப்போது `dateModified` மாறலாம். எழுத்துப்பிழைக்கு எதுவும் மாற வேண்டாம்.

வழிகாட்டி வேறு வகை. இங்கே எழுதியிருப்பது இன்றைக்கும் செல்லும் என்ற வாக்குறுதி அது. ஆகவே அதற்குப் புதுப்பித்த தேதியே பயனுள்ளது. ஆனால் அந்தத் தேதியைப் போடுகிறவர் பக்கத்திலுள்ள ஒவ்வொரு தொகையையும் நாளையும் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். ஒரு பத்தியை மட்டும் மாற்றிவிட்டு மீதியைப் படிக்காமல் தேதி போட்டால், மாற்றாத பத்திகளுக்கும் அந்தத் தேதி சாட்சி சொல்லிவிடும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த 2022 வழிகாட்டியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 2022 மே 1 முதல் 1,500 ரிங்கிட் நடப்புக்கு வந்ததையொட்டி அது வெளியானது. `datePublished` அங்கேயே நிற்கும், பக்கம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் நகராது. ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கான அவகாசம் 2023 ஜூலை 1ஆம் தேதி முடிந்தபோது ஒரு திருத்தம் தேவைப்பட்டது. தேதி மாறுவது சரி. 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்ததும், இப்போதைய தொகை 1,500, பிப்ரவரியில் மாறும் என்று ஒரு வரி சேர்ந்தால் அதுவும் உண்மையான புதுப்பிப்பு. 2025 பிப்ரவரி 1, ஆகஸ்ட் 1 ஆகிய இரு நாட்களும் மிக முக்கியமானவை: முதல் நாளில் பக்கத்தில் இரண்டு தொகைகள் வேண்டும், இரண்டாம் நாளில் அந்தப் பிரிவினை நீங்க வேண்டும். ஜூன் மாதத்தில் படம் மாற்றியபோது? தேதி அசையவே கூடாது. அசைந்ததால்தான் செந்தூல் ஊழியர் அந்தப் பக்கத்துக்குப் போனார்.

முழுவதும் சரிபார்த்தோம், எதையும் மாற்றத் தேவைப்படவில்லை என்ற நிலையும் வரும். அதைக் கட்டுரையின் இறுதியில் "சரிபார்த்தது: மார்ச் 2025" என்று எழுதுங்கள். அதற்காக `dateModified` மதிப்பைத் தொடக் கூடாது. மாறாத ஒன்றை மாறியது என்று அது சொல்லும்.

அறிகுறி: உண்மையாகவே திருத்தினோம், துணுக்கில் இன்னும் பழைய ஆண்டு

இது எதிர்ப்பக்கத்துக் கோளாறு. உழைத்துத் திருத்தியவர்களுக்கு இதுவே அதிகம் வலிக்கும். முதலில் கூகுள் பக்கத்தை மீண்டும் படித்ததா என்று பாருங்கள். சர்ச் கன்சோலின் முகவரி ஆய்வுக் கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் கடைசியாகப் படித்த நேரம் தெரியும். அது உங்கள் திருத்தத்துக்கு முந்தையது என்றால் மறுபடிப்புக் கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். அதே நாளில் மாறாது, சில நாட்கள் ஆகலாம்.

படித்தும் மாறவில்லை என்றால் பெரும்பாலும் பக்கத்தின் முகப்பில்தான் காரணம் இருக்கும். கட்டமைப்புத் தரவில் 2025 ஆகஸ்ட் என்று எழுதிவிட்டு, தலைப்புக்குக் கீழே வாசகர் காணும்படி "3 மே 2022" என்று மட்டும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வழிகாட்டியில் தலைப்பை ஒட்டிப் புதுப்பித்த தேதியைப் போட்டு, அது என்ன தேதி என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்:

```html
<p>புதுப்பித்தது:
<time datetime="2025-08-01T09:00:00+08:00">1 ஆகஸ்ட் 2025</time></p>
```

முதலில் வெளியான தேதியை மறைக்கச் சொல்லவில்லை. அதை அதன் பெயரோடு கட்டுரையின் அடியில் வையுங்கள். செய்தியில் வரிசை தலைகீழ்: வெளியிட்ட தேதி மேலே, புதுப்பித்த நேரம் இருந்தால் அதையடுத்து. தேதியை வெறும் எண்களாக "02/03/2025" என்று எழுதாதீர்கள். மலேசியாவில் அது மார்ச் 2, வேறு வழக்கத்தில் பிப்ரவரி 3. மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. இயந்திரத்துக்கு `datetime` இருக்கிறது.

அறிகுறி: நாம் எங்குமே தராத தேதி வருகிறது

வெளியிட்ட நாளும் இல்லை, புதுப்பித்த நாளும் இல்லை. "1 பிப்ரவரி 2025" என்று துணுக்கு சொல்கிறது. பக்கத்தைத் திறந்து அந்தத் தேதியைத் தேடினால் கட்டுரையின் முதல் வரியிலேயே இருக்கும்: சட்டம் நடப்புக்கு வந்த நாள். அல்லது பக்கவாட்டில் ஓடும் "அண்மைச் செய்திகள்" பட்டையில் ஏதோ ஒரு செய்தியின் தேதியாக இருக்கும். பக்கத்தின் தேதி தெளிவாக இல்லாதபோது கூகுள் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது.

சட்டம் நடப்புக்கு வரும் நாள் கட்டுரைக்குள் வந்தே ஆக வேண்டும், அதை அகற்றக் கூடாது. கட்டுரையின் சொந்தத் தேதியைத் தலைப்பின் அருகில், பெயரோடு, `time` குறியோடு தெளிவாக்குவதே மருந்து. பக்கவாட்டுப் பட்டையில் ஒவ்வொரு இணைப்புக்கும் தேதி காட்டியே தீர வேண்டுமா என்றும் யோசியுங்கள். பக்கத்தில் மற்றத் தேதிகள் குறையக் குறையக் குழப்பமும் குறையும். சட்டம் நடப்புக்கு வரும் நாளையே `datePublished` என்று கட்டமைப்புத் தரவில் எழுதிய பக்கங்களையும் கண்டிருக்கிறேன். கட்டுரை பிறந்த நாள் வேறு, கட்டுரை பேசும் நாள் வேறு.

அறிகுறி: ஒரு நாள் முன்னே அல்லது பின்னே

மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. வேர்ட்பிரஸைப் புதிதாக நிறுவும்போது நேர வலயம் பொது நேரத்திலேயே இருந்துவிடுவது உண்டு. அப்படி இருந்தால், கோலாலம்பூரில் காலை 7 மணிக்கு வெளியிட்ட செய்தி முந்தைய நாள் இரவு 11 மணி என்று பதிவாகும். விடியற்காலைச் செய்திகள் மட்டும் ஒரு நாள் பின்தங்கி, மதியச் செய்திகள் சரியாக இருந்தால் இதுதான் காரணம். பொது அமைப்புகளில் நேர வலயமாகக் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிட மோசமானது உள்ளூர் நேரத்தை எழுதி அதற்குப் பொது நேர முத்திரை குத்துவது. மாலை 6.40க்கு வந்த வரவுசெலவுத் திட்டச் செய்தியை `2024-10-18T18:40:00Z` என்று எழுதினால், மலேசிய நேரப்படி அது மறுநாள் விடியற்காலை 2.40. செய்தி எட்டு மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும். சரியான வடிவம் இது:

```json
"datePublished": "2024-10-18T18:40:00+08:00",
"dateModified": "2024-10-18T21:05:00+08:00"
```

கையால் எழுதும் வார்ப்புருக்களில் இந்த `Z` எழுத்தைத்தான் முதலில் தேடுவேன். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனைப் பக்கத்தில் கட்டுரையின் முகவரியைக் கொடுத்தால் அது படித்துக்கொண்ட மதிப்பை அப்படியே காட்டும். வடிவப் பிழையை அது பிடிக்கும். நேரம் பொய்யா மெய்யா என்று அதற்குத் தெரியாது. அதைக் கடிகாரத்தோடு நீங்கள்தான் ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: தேதியே வருவதில்லை

பல நேரங்களில் இது கோளாறே இல்லை. தேடுகிறவருக்குப் பயன்படும் என்று தோன்றும்போதுதான் கூகுள் தேதியைக் காட்டுகிறது. பக்கத்தில் தேதி தெளிவாக இருக்கிறது, கட்டமைப்புத் தரவும் ஒத்துப்போகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

ஆனால் பழையது என்று தெரிந்துவிடக் கூடாதென்று வழிகாட்டிகளிலிருந்து தேதியை வேண்டுமென்றே நீக்கும் தளங்கள் இருக்கின்றன. இதை நான் ஒப்புவதே இல்லை. சம்பளம், வரி, உரிமம், கட்டணம் ஆகியவற்றைப் பற்றிய பக்கத்தில் தேதி இல்லை என்றால், 1,200 ரிங்கிட் என்று படிப்பவருக்கு அது 2020ஆம் ஆண்டுக் கணக்கு என்று அறிய வழியில்லை. பராமரிக்க ஆள் இல்லாத வழிகாட்டிக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு: பழைய தேதியை அப்படியே விட்டு, "இந்தப் பக்கம் 2022இல் உள்ள நிலவரம்; இப்போதைய தொகையை மனிதவள அமைச்சின் அறிவிப்பில் பாருங்கள்" என்று தலைப்புக்குக் கீழே எழுதுவது. அந்த வரியைச் சேர்த்ததற்காகப் புதுப்பித்த தேதியை மாற்றாதீர்கள். அதன் கீழே உள்ள தொகை இன்னும் பழையதுதான்.